நீர்க்கடுப்பு இல்லை, காய்ச்சல் இல்லை, ஆனால் அம்மா திடீரென்று குழம்பிப் பேசுகிறார்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்மாவுக்கு 78 வயது. நேற்றிலிருந்து ஆள் மாறிப் பேசுகிறார், எழுந்து நிற்கவும் முடியவில்லை. வயசானா இப்படித்தானே?

இல்லை. வயது ஒருவரை மெல்ல மெல்லத்தான் மாற்றும், ஒரே ராத்திரியில் மாற்றாது. முந்தாநாள் வரை தானாக எழுந்து குளித்து, பேரனின் பரீட்சை எப்போது என்று கேட்டவர் இன்றைக்கு உங்களை யாரென்று தெரியாமல் பார்க்கிறார் என்றால், உடம்புக்குள் புதிதாக ஏதோ நடந்திருக்கிறது. மருத்துவத்தில் இதற்கு டெலிரியம் என்று பெயர். முதியோர் வார்டில் பல வருடங்களாக வேலை பார்க்கும் டாக்டர் நான். வயதான பெண்களுக்கு இப்படித் திடீரென்று குழப்பமோ தளர்ச்சியோ வந்தால் நான் முதலில் தேடுகிற காரணங்களில் ஒன்று கிருமித் தொற்று. இளவயதில் தொற்று வந்தால் காய்ச்சல், வலி, இருமல், எரிச்சல் என்று அது தன்னைக் காட்டிக்கொள்ளும். எண்பதை நெருங்கும்போது அந்த அடையாளங்கள் எதுவும் இல்லாமல், "அம்மா இன்னைக்கு சரியில்லை" என்ற ஒன்று மட்டுமே தெரிவது சர்வசாதாரணம். அதைக் கண்டுபிடிப்பவர் டாக்டர் இல்லை, வீட்டில் கூட இருக்கிற நீங்கள்தான்.

இது மறதி நோயின் ஆரம்பமா இல்லை டெலிரியமா, வீட்டிலேயே தெரிந்துகொள்ள முடியுமா?

பெரும்பாலும் முடியும். மறதி நோய் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் வருவது. எப்போது ஆரம்பித்தது என்று கேட்டால் வீட்டில் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். டெலிரியம் மணிக்கணக்கில் அல்லது இரண்டு மூன்று நாளில் வருவது. "வியாழக்கிழமை சாயங்காலத்திலிருந்து" என்று சொல்லிவிட முடியும். இன்னொன்று, அது ஏறி இறங்கும். காலையில் டாக்டர் வரும்போது தெளிவாகப் பேசுவார், இரவு எட்டு மணிக்குச் சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார்.

கவனம் நிற்கிறதா என்று பாருங்கள், அதுதான் முக்கியமான சோதனை. வாரத்தின் கிழமைகளைச் சனியில் ஆரம்பித்துப் பின்னோக்கிச் சொல்லச் சொல்லுங்கள். வழக்கமாகச் சொல்லக்கூடியவர் சனி, வெள்ளி என்று சொல்லிவிட்டு நின்றுபோய், கேள்வியையே மறந்து ஜன்னலைப் பார்த்தால் அது சாதாரண மறதி இல்லை. ஏற்கெனவே மறதி நோய் உள்ளவருக்கும் அதன் மேலேயே டெலிரியம் வரலாம், அவர்களுக்குத்தான் அதிகமாகவே வரும். அவரைப் பொறுத்தவரை கேள்வி ஒன்றுதான்: போன வாரம் இருந்த நிலையை விட இந்த வாரம் மோசமா?

ஆனால் அவர் கத்தவோ உளறவோ இல்லை. அமைதியாகத் தூங்கிக்கொண்டே இருக்கிறார். அது பரவாயில்லைதானே?

எனக்கு அதிகக் கவலை தருவது இந்த அமைதிதான். டெலிரியத்தில் இரண்டு முகம் உண்டு. ஒன்றில் ஆள் எழுந்து நடமாடி, சத்தம் போட்டு, கையிலிருக்கும் ஊசிக் குழாயைப் பிடுங்கி எறிவார். வீடே ஓடிவரும். மற்றொன்றில் ஆள் சுருண்டு படுத்துவிடுவார். கூப்பிட்டால் கண் திறந்து "ம்" என்பார், மறுபடியும் மூடிக்கொள்வார். தட்டு வைத்த இடத்திலேயே இருக்கும். களைப்பு, தூங்கட்டும் என்று எல்லோரும் கதவைச் சாத்திவிட்டு வருவார்கள். வயதானவர்களிடம் இந்த இரண்டாவது வகைதான் அதிகம் தவறவிடப்படுகிறது. பகலில் வழக்கத்துக்கு மாறாகத் தூங்கிக்கொண்டே இருப்பவரை எழுப்பி உட்காரவைத்து இரண்டு நிமிடம் பேசிப் பாருங்கள். பேச்சுக்கு நடுவில் கண் சொருகினால் அது தூக்கம் இல்லை.

காய்ச்சலே இல்லையே, தொட்டுப் பார்த்தால் குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது. பிறகு எப்படித் தொற்று?

காய்ச்சல் என்பது கிருமி செய்கிற வேலை இல்லை, நம் உடம்பு செய்கிற வேலை. கிருமியைப் பார்த்த வெள்ளை அணுக்கள் சில வேதிப்பொருள்களை வெளியே விடும், அவை மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் வெப்பக் கட்டுப்பாட்டு மையத்துக்குப் போய்ச் சூட்டை ஏற்று என்று சொல்லும், தசை நடுங்கிச் சூடு உண்டாக்கும். வயதாக ஆக இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் தளர்கிறது. வெள்ளை அணுக்களின் குரல் கம்மிவிடுகிறது, தசை வற்றிவிட்டதால் நடுங்கிச் சூடேற்ற ஆள் இல்லை. முதியவர்களில் கடுமையான தொற்று இருந்தும் காய்ச்சல் வராதவர்கள் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு பேர்.

அதோடு, வயதானவரின் வழக்கமான சூடே குறைவு. 97 டிகிரியில் இருப்பவருக்கு 99.2 வந்தால் தெர்மாமீட்டரைப் பார்த்தவர் "நார்மல்" என்று வைத்துவிடுவார், ஆனால் அவருக்கு அது இரண்டு டிகிரிக்கு மேல் ஏற்றம். அவருடைய வழக்கத்தை விட 2 டிகிரி ஃபாரன்ஹீட் கூடினாலோ, வாயில் வைத்துப் பார்க்கும்போது ஒரே ஒரு தடவை 100-ஐத் தாண்டினாலோ அதைக் காய்ச்சல் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். இதற்காகத்தான் நன்றாக இருக்கும் நாட்களில் நாலைந்து முறை சூடு, பிரஷர், நாடித்துடிப்பு பார்த்து ஒரு தாளில் எழுதி மருந்துப் பெட்டியில் வைக்கச் சொல்கிறேன்.

மருந்துகளும் மறைக்கும். மூட்டு வலிக்குத் தினமும் பாராசிட்டமால் சாப்பிடுகிறவருக்குக் காய்ச்சல் தலைகாட்டாது. ஸ்டீராய்டு மாத்திரையும் அப்படித்தான். பிரஷருக்கு அட்டனலால், மெட்டோப்ரலால் மாதிரி மாத்திரை எடுப்பவருக்கு நாடித்துடிப்பு ஏறாது, அதனால் நாடியைப் பிடித்துப் பார்த்து நிம்மதி அடைய முடியாது. இரத்தத்தில் வெள்ளை அணுக்களின் எண்ணிக்கைகூட முதல் நாள் சரியாகவே இருக்கலாம்.

காய்ச்சல் வராமல் ஏன் நேராக மூளைக்குப் போகிறது?

கிருமி மூளைக்குப் போவதில்லை, போவது தொற்றின் அதிர்வு. அந்த வேதிப்பொருள்கள், கொஞ்சம் குறைந்த ஆக்ஸிஜன், கொஞ்சம் குறைந்த நீர்ச்சத்து, கொஞ்சம் ஏறி இறங்கிய சோடியம் எல்லாம் சேர்ந்து கையிருப்பு குறைந்துபோன மூளையின் மேல் விழுகின்றன. நாற்பது வயது மூளை இதைத் தாங்கிக்கொள்ளும். எண்பது வயதில் எந்த உறுப்பு ஏற்கெனவே பலவீனமோ அதுதான் முதலில் சாயும். மூளை பலவீனம் என்றால் குழப்பம், கால் பலவீனம் என்றால் விழுதல், பசி பலவீனம் என்றால் சாப்பாடு நின்றுபோதல். நுரையீரலில் கிருமி, ஆனால் புகார் காலில்.

நீர்க்கடுப்பு ஒன்றும் இல்லை. இருந்தாலும் யூரின் டெஸ்டில் கிருமி இருக்கிறது என்று வந்துவிட்டது. அதுதானே காரணம்?

கவனமாகப் படியுங்கள், வீட்டுக்காரர்களும் டாக்டர்களும் சேர்ந்தே வழுக்கி விழுகிற இடம் இது.

வயதான பெண்களின் சிறுநீரில் எந்தத் தொந்தரவும் தராமல் கிருமி குடியிருப்பது மிகச் சாதாரணம். வீட்டில் நடமாடிக்கொண்டு நன்றாக இருக்கும், எழுபது தாண்டிய பெண்களில் பத்துப் பேரை வரிசையாக நிறுத்தி யூரின் கல்ச்சர் எடுத்தால் ஒருவருக்காவது, சில இடங்களில் இருவருக்குக்கூட, கிருமி வளரும். முதியோர் இல்லங்களில் படுக்கையோடு இருப்பவர்களில் கால் பங்கிலிருந்து பாதிப் பேர் வரை. பல வாரமாகச் சிறுநீர்க் குழாய் போட்டிருப்பவர் என்றால் கிட்டத்தட்ட எல்லோருக்கும். மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைந்து, அந்தப் பகுதியைக் காத்துவந்த நல்ல பாக்டீரியாக்கள் போய்விடுகின்றன, சிறுநீர்ப்பையும் முழுசாகக் காலியாவதில்லை. அதனால் கிருமி தங்குகிறது. அது தங்குவதே நோய் இல்லை. சீழ் செல்கள் பத்து, பன்னிரண்டு என்று வந்தாலும் அதே கதைதான்.

இப்போது யோசியுங்கள். ஒரு அம்மாவுக்கு நிமோனியா வந்து குழப்பம் வருகிறது. அன்றைக்கு யூரின் டெஸ்ட் எடுத்தால், போன மாதம் எடுத்திருந்தாலும் வந்திருக்கும் அதே கிருமி வரும். "இதோ கண்டுபிடித்துவிட்டோம்" என்று எல்லோரும் தேடுவதை நிறுத்திவிடுவார்கள். அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர்கள் சங்கம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டி இதற்கு நேரடியாகவே பதில் சொல்கிறது: சிறுநீர் தொடர்பான அறிகுறி எதுவும் இல்லை, காய்ச்சலோ பிரஷர் சரிவோ இல்லை, குழப்பமும் சிறுநீரில் கிருமியும் மட்டும் இருக்கிறது என்றால், ஆன்டிபயாடிக்கை ஆரம்பிக்காமல் வேறு காரணத்தைத் தேடிக்கொண்டு கூர்ந்து கவனியுங்கள் என்கிறது.

நிஜமாகவே இப்படி நடக்குமா? ஒரு உதாரணம் சொல்லுங்கள்.

என் பெரியம்மாவுக்கு நடந்தது, அதில் என் தவறும் உண்டு. 79 வயது, பிரஷருக்கு அட்டனலால், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின். வியாழன் இரவு சாப்பிடவில்லை. வெள்ளிக்கிழமை காலை நாற்காலியிலிருந்து எழ முடியாமல் இரண்டு தடவை பின்னால் சாய்ந்துவிட்டார். மத்தியானம் தன் மகளை, அதாவது என் அக்காவை, எப்போதோ இறந்துபோன தன் தங்கையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அக்கா போன் பண்ணினாள். நீர் போகும்போது எரிகிறதா என்றேன், இல்லை. காய்ச்சல்? 99.1. இருமல்? கிடையாது. பக்கத்து லேபில் யூரின் கொடுத்துப் பார்த்தால், கிருமி இருப்பதைக் காட்டும் நைட்ரைட் பாசிட்டிவ், சீழ் செல்கள் 10 முதல் 12. "யூரின் இன்ஃபெக்‌ஷன்தான்க்கா, மாத்திரை ஆரம்பிச்சிடலாம்" என்று போனிலேயே சொன்னேன். ஆளைப் பார்க்காமல் சொன்னேன்.

ஞாயிறு காலை நேரில் போனேன். கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தார், முகம் அமைதியாகத்தான் இருந்தது. பேச்சுக் கொடுக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து போர்வையின் மடிப்பு ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஏறி இறங்கிய வேகம் சரியில்லை. கடிகாரத்தை வைத்து ஒரு நிமிடம் முழுக்க எண்ணினேன், 28. விரலில் ஆக்ஸிமீட்டர் மாட்டினால் 91. நாடித்துடிப்பு 82-தான், அட்டனலால் அதைப் பிடித்து வைத்திருந்தது. பிரஷர் 110/64, பார்க்க அழகான எண், ஆனால் அவருடைய வழக்கம் 150. சூடு 99.4, வழக்கம் 97.2. நிமிர்த்தி உட்காரவைத்து முதுகில் ஸ்டெதாஸ்கோப் வைத்தால் வலது பக்க அடியில் நொறநொறவென்று சத்தம். எக்ஸ்ரேயில் வலது கீழ் நுரையீரல் வெள்ளையாக இருந்தது. நிமோனியா.

அப்புறம்தான் அக்காவுக்கு ஞாபகம் வந்தது, பத்து நாளாகவே தண்ணீர் குடிக்கும்போது அடிக்கடி புரையேறிக்கொண்டிருந்தது. இருமி வெளியே தள்ளும் வலு இல்லாதவருக்கு அந்தத் தண்ணீர் வாயிலிருக்கும் கிருமிகளையும் சேர்த்து நுரையீரலுக்குள் கொண்டுபோகும். இருமல் இல்லை என்பதை நான் நுரையீரல் சுத்தம் என்று எடுத்துக்கொண்டேன். உண்மையில் இருமக்கூடத் தெம்பில்லை. யூரின் கல்ச்சரில் ஈ.கோலை வளர்ந்து வந்தது, ஆனால் அது அங்கே வெறுமனே குடியிருந்த கிருமி. நான் கொடுக்கச் சொன்ன மாத்திரை சிறுநீர்ப்பையில் மட்டும் வேலை செய்யும் நைட்ரோஃபுரன்டாயின். நுரையீரலுக்கு அதனால் பிரயோஜனமே இல்லை. ஒன்றரை நாளுக்கு மேல் வீணானது. ஆஸ்பத்திரியில் நரம்பு வழியாகச் சரியான மருந்து, ஆக்ஸிஜன், திரவம் போய், ஐந்தாவது நாள் அக்காவை அவள் பெயரைச் சொல்லியே கூப்பிட்டார்.

மூச்சை எண்ணுவது எப்படி? ஆக்ஸிமீட்டர் இருந்தால் போதாதா?

ஆக்ஸிமீட்டரும் வேண்டும், ஆனால் மூச்சின் வேகம் அதற்கு முன்னாலேயே ஏறும். ஆக்ஸிஜன் 96 காட்டும்போதே மூச்சு 26 ஆகியிருக்கலாம், வேகமாக மூச்சு விட்டுத்தான் அந்த 96-ஐத் தக்கவைத்திருப்பார்.

எண்ணப்போகிறேன் என்று சொல்லாதீர்கள், சொன்னால் மூச்சு மாறிவிடும். மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்ப்பதுபோல் உட்கார்ந்து, வயிறோ மார்போ ஒரு தடவை எழுந்து தாழ்வதை ஒன்று என்று எண்ணுங்கள். முழு ஒரு நிமிடம். பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்கினால் தப்பாகும். சும்மா படுத்திருக்கும்போது 12-லிருந்து 20 வரை வந்தால் சரி. 25, அதற்கு மேல் என்றால் காய்ச்சலே இல்லாவிட்டாலும் அன்றைக்கே டாக்டர் பார்க்க வேண்டும்.

அப்படியானால் சிறுநீர்த் தொற்றால் குழப்பமே வராதா?

வரும், நன்றாகவே வரும். சிறுநீரகம் வரை ஏறி, இரத்தத்தில் கலந்த தொற்று வயதானவரை ஒரே நாளில் சாய்த்துவிடும். நீர்க்கடுப்பு என்ற புகார் இல்லாமலேயே இது நடக்கலாம், ஏனென்றால் சிறுநீர்ப்பையில் எரிச்சல் இல்லாமலும் சிறுநீரகத்தில் தொற்று இருக்க முடியும். தவிர, பல வருடமாகவே அடிக்கடி போவதும் கசிவதும் பழகிப்போனவருக்குப் புதிதாக என்ன மாறியது என்று சொல்லத் தெரியாது. மறதி நோய் உள்ளவரால் சொல்லவே முடியாது.

எங்கள் வார்டுக்கு வந்த 82 வயதுப் பாட்டி ஒருவரின் புகார், ஒரே நாளில் இரண்டு தடவை விழுந்தது, அவ்வளவுதான். காய்ச்சலும் இல்லை, எரிச்சலும் இல்லை. மருமகளிடம் விடாமல் கேட்டபோது, முந்தின இரவு பத்து நிமிடம் பல் கிட்டிக்கொண்டு உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது, குளிர்காற்று என்று நினைத்து ஜன்னலைச் சாத்தினேன் என்றார். முதுகில் இடது பக்கம், கடைசி விலா எலும்புக்குக் கீழே கையை வைத்து மெல்லத் தட்டினேன், அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவர் முகத்தைச் சுளித்து என் கையைத் தள்ளினார். வலது பக்கம் தட்டினால் ஒன்றுமில்லை. பிரஷர் 94. யூரின் கல்ச்சரிலும் இரத்தக் கல்ச்சரிலும் ஒரே கிருமி வந்தது. ஸ்கேனில் சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாயில் கல் அடைத்து, மேலே சிறுநீரகம் வீங்கியிருந்தது. அடைப்புக்குப் பின்னால் தேங்கியிருக்கும் தொற்றுக்கு ஆன்டிபயாடிக் மட்டும் போதாது, அடைப்பைத் தாண்டி ஒரு குழாய் போட்டு வடித்தால்தான் மருந்து வேலை செய்யும். அன்றிரவே செய்தார்கள்.

இந்தப் பாட்டியிடம் யூரின் ரிப்போர்ட்டைத் தவிர மூன்று சாட்சிகள் இருந்தன: நடுக்கம், ஒரு பக்க விலா அடி வலி, பிரஷர் சரிவு. இரத்தக் கல்ச்சர் அதை உறுதி செய்தது. என் பெரியம்மாவிடம் சிறுநீர்த் தொற்றுக்கு ரிப்போர்ட் மட்டும்தான் சாட்சி, மற்ற எல்லாமே மார்பைக் காட்டிக்கொண்டிருந்தன.

யூரின் கலங்கலாக இருக்கிறது, வாடையும் அடிக்கிறது. அது போதாதா?

போதாது. தண்ணீர் குறைவாகக் குடித்தாலே சிறுநீர் அடர்ந்து வாடை அடிக்கும், சில மாத்திரைகளாலும் அடிக்கும். நான் பொருட்படுத்துவது வேறு மாற்றங்களை: புதிதாக எரிச்சல், அடிவயிற்றில் கை வைத்தால் வலி, இதுவரை அடக்கிக்கொண்டிருந்தவருக்குத் திடீரென்று அடக்க முடியாமை, கண்ணுக்குத் தெரியும் இரத்தம், நடுக்கம், விலாவுக்குக் கீழே வலி. மறுபுறம், நாள் முழுக்க நீரே போகவில்லை என்றால் சிறுநீர்ப்பை அடைத்து நிரம்பியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அந்த அடைப்பே குழப்பத்தை உண்டாக்கும்.

யூரின் கொடுக்கச் சொல்லிவிட்டார்கள். எப்படி எடுத்தால் சரியாக வரும்?

ஆன்டிபயாடிக்கின் முதல் மாத்திரைக்கு முன்னால் எடுக்க வேண்டும். முன்னிருந்து பின்னாகத் தண்ணீரில் துடைத்துவிட்டு, முதலில் கொஞ்சம் போகவிட்டு, நடுவில் வருவதை நேராகச் சுத்தமான டப்பாவில் பிடியுங்கள். படுக்கைப் பாத்திரத்திலிருந்தோ டயப்பரைப் பிழிந்தோ எடுத்தால் தோலில் இருக்கும் கிருமிதான் வளரும். சிறுநீர்க் குழாய்ப் பையின் அடியில் தேங்கியதும் கூடாது. லேபுக்கு ஒன்றிரண்டு மணி நேரத்தில் போகாது என்றால் ஃப்ரிட்ஜில் வையுங்கள், அறைச் சூட்டில் நின்றால் கிருமி பெருகி ரிப்போர்ட்டையே மாற்றிவிடும். "பலவகைக் கிருமிகள் வளர்ந்தன" என்று வந்தால் சாம்பிள் கெட்டது என்றுதான் பெரும்பாலும் அர்த்தம், தொற்று கடுமை என்று அர்த்தம் இல்லை. முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும்.

சந்தேகத்துக்கு ஒரு ஆன்டிபயாடிக் கொடுத்துவிட்டால் என்ன நஷ்டம்?

முதல் நஷ்டத்தைப் பெரியம்மா கதையில் பார்த்துவிட்டீர்கள்: தேடல் நின்றுவிடுகிறது. இரண்டாவது, மருந்தே குழப்பத்தைக் கூட்டலாம். சிப்ரோஃப்ளாக்ஸசின், லீவோஃப்ளாக்ஸசின் வகை வயதானவர்களிடம் டெலிரியத்தை உண்டாக்கும், சர்க்கரைக்குக் கிளிமெப்பிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவருக்குச் சர்க்கரையைக் கீழே தள்ளிவிடவும் செய்யும். குடல் கிருமிகள் குலைந்து கடுமையான வயிற்றுப்போக்கு வந்தால், ஏற்கெனவே வறண்டிருக்கும் உடம்பு அதைத் தாங்காது. ஆனால் ஆள் நிலை மோசமாக இருந்து இரத்தத்தில் தொற்று கலந்திருக்கும் என்று டாக்டர் சந்தேகப்பட்டால், கல்ச்சர்கள் எடுத்த கையோடு மருந்து போட வேண்டும், ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கக் கூடாது. அங்கே தாமதம்தான் ஆபத்து.

நுரையீரல், சிறுநீரகம் தவிர வேறு எங்கே ஒளிந்திருக்கும்?

உடையை விலக்கிப் பார்த்தால்தான் தெரியும் இடங்களில். இடுப்பின் பின்பக்கம், குதிகால் இரண்டும் படுக்கைப் புண்ணுக்குப் பேர்போன இடங்கள். சர்க்கரை உள்ளவருக்கு உணர்ச்சி குறைந்த கால்விரல் இடுக்கில் புண் இருக்கும், வலிக்கவே வலிக்காது. ஒருமுறை காலுறையைக் கழற்றிய பிறகுதான் கருத்துப்போன ஒரு விரலைப் பார்த்தோம், அதுவரை மூன்று நாள் யூரினுக்கு வைத்தியம் நடந்திருந்தது. ஒரு காலின் முழங்காலுக்குக் கீழே சிவந்து சூடாக இருக்கிறதா, வாயில் ஈறு வீங்கியிருக்கிறதா, வயிற்றின் வலது மேல்பக்கம் தொட்டால் சுளிக்கிறாரா என்றும் பாருங்கள். பித்தப்பை அழுகினாலும் வயதானவரின் வயிறு கல் மாதிரி இறுகாமல் மெத்தென்றே இருக்கலாம்.

தொற்றே இல்லாமலும் இப்படி வருமா?

வரும், அதனால் குளுக்கோமீட்டர் இருந்தால் முதல் காரியம் சர்க்கரை பார்ப்பது. 70-க்குக் கீழே இருந்து, விழுங்கக்கூடிய தெளிவோடு இருந்தால் சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். சொருகிப்போய்க் கிடப்பவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை மட்டும் தொங்குவது, நிமிடத்தில் பேச்சுக் குழறுவது பக்கவாதம், அதற்கு இந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்க நேரமில்லை, கிளம்புங்கள்.

அடுத்தது கடந்த இரண்டு வாரத்தில் புதிதாகச் சேர்ந்த மாத்திரை. சளிக்கு வாங்கிய தூக்கம் வரும் மாத்திரை, தூக்க மாத்திரை, நரம்பு வலிக்குக் கொடுத்த அமிட்ரிப்டிலின், நீர் பிரிக்கும் மாத்திரையால் இறங்கிப்போன சோடியம், இவை எல்லாமே நான் அடிக்கடி பார்ப்பவை. சில வாரம் முன்னால் தலையில் அடிபட்டு, இரத்தம் உறையாமலிருக்க மருந்தும் சாப்பிடுகிறார் என்றால் அதை மறக்காமல் சொல்லுங்கள். நெஞ்சுவலி இல்லாத மாரடைப்பும் இந்த வயதில் இப்படி வரும்.

எப்போது உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்? டாக்டரிடம் எப்படிச் சொல்வது?

புதிதாகக் குழப்பம் வந்தாலே அன்றைக்கே ஒரு டாக்டர் பார்க்க வேண்டும். பிரிட்டனின் ஆஸ்பத்திரிகளில் நோயாளி மோசமாவதைக் கண்டுபிடிக்கப் பயன்படுத்தும் NEWS2 மதிப்பெண் முறையில், 2017-இலிருந்து புதுக் குழப்பத்துக்கு மட்டுமே 3 மதிப்பெண் தருகிறார்கள், தனி ஒரு அளவுக்குத் தரும் உச்சபட்சம் அதுதான். அதோடு மூச்சு 25-க்கு மேல், ஆக்ஸிஜன் 92-க்குக் கீழே, மேல் பிரஷர் 100-க்குக் கீழே அல்லது வழக்கத்தை விட 40 குறைவு, பல் கிட்டும் நடுக்கம், கைகால் சில்லிட்டுத் திட்டுத்திட்டாக நிறம் மாறுதல், அரை நாளாக நீர் பிரியாமை, எழுப்பினால் எழாமை, இதில் ஒன்று சேர்ந்தாலும் ராத்திரி இரண்டு மணி என்றாலும் கிளம்ப வேண்டியதுதான். நுரையீரல் நோயால் வழக்கமாகவே ஆக்ஸிஜன் குறைவாக இருப்பவர் என்றால் அவருடைய வழக்கமான எண்ணோடு ஒப்பிடுங்கள்.

அங்கே போய் "அம்மாவுக்கு முடியலை, வயசாயிடுச்சு" என்று ஆரம்பிக்காதீர்கள், கேட்பவரும் வயசு என்றே எடுத்துக்கொள்வார். இப்படிச் சொல்லுங்கள்: "புதன்கிழமை வரைக்கும் தானா நடந்து பாத்ரூம் போனாங்க, பேப்பர் படிச்சாங்க. வியாழன் சாயங்காலத்திலிருந்து நிக்க முடியலை, என்னையே அடையாளம் தெரியலை, சாயங்காலம் அதிகமாகுது. வழக்கமான பிரஷர் 150, இப்ப 110." மாத்திரைகளைச் சீட்டாக இல்லாமல் பையோடு கொண்டுபோங்கள். யூரின் ரிப்போர்ட்டைக் காட்டி முடித்துவிட்டார்கள் என்றால், "மார்பையும் காலையும் முதுகையும் ஒருமுறை பார்த்துடுங்க டாக்டர்" என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை, என்னிடம் அக்கா அப்படிக் கேட்டிருக்க வேண்டும் என்று நான் இன்றும் நினைக்கிறேன்.

தொற்று சரியாகிவிட்டது, டிஸ்சார்ஜும் ஆகிவிட்டது. ஆனால் இன்னும் பழையபடி இல்லையே?

எக்ஸ்ரே தெளிவதும் மனம் தெளிவதும் ஒரே நாளில் நடக்காது. சிலருக்கு இரண்டு மூன்று நாள், பலருக்கு வாரங்கள், சிலருக்கு ஒன்றிரண்டு மாதம்கூட ஆகும். இந்த நேரத்தில் மறதி நோய் என்று முத்திரை குத்தச் சம்மதிக்காதீர்கள். தெளிந்து சில மாதம் கழித்தும் மறதி தொடர்ந்தால் அப்போது பரிசோதித்துக்கொள்ளலாம்.

கண்ணாடியையும் காதுக் கருவியையும் மாட்டிவிடுங்கள், பாதிக் குழப்பம் தெரியாததாலும் கேட்காததாலும் வருவது. பகலில் ஜன்னலைத் திறந்து வெளிச்சத்தில் உட்காரவையுங்கள், இரவில் விளக்கை அணையுங்கள், தூக்க மாத்திரை வேண்டாம். தினமும் கைபிடித்துக் கொஞ்சமாவது நடக்கவையுங்கள். சிறுநீர்க் குழாய் போட்டு அனுப்பியிருந்தால், அது இன்னும் எதற்கு, எந்தத் தேதியில் எடுப்பீர்கள் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். புரையேறுகிறவர் என்றால் நிமிர்ந்து உட்கார்ந்து சிறு சிறு வாயாகக் குடிக்கட்டும், சாப்பிட்டு அரை மணி நேரம் படுக்க வேண்டாம், இரவு பல் துலக்காமல் விடாதீர்கள், வாயிலிருக்கும் கிருமிதான் அடுத்த நிமோனியாவாக இறங்கும்.

இல்லாத ஆளைப் பார்த்ததாகச் சொன்னால் வாதாட வேண்டாம். "நான்தான், உன் பொண்ணு, இங்கதான் இருக்கேன்" என்று பெயர் சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டால் போதும். பெரியம்மா வீட்டுக்கு வந்த பிறகும் இரண்டு வாரம் சாயங்காலம் ஆனால் தங்கையைக் கேட்டுக்கொண்டிருந்தார். மூன்றாவது வாரம் ஒரு நாள் அக்காவிடம், "நான் உன்னை வேற யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டேனா?" என்று தானாகவே கேட்டார்.